பழைய பட்டம், புதிய டிப்ளமோக்கள்: ரெஸ்யூமேயில் எது இருக்கலாம், எது வேண்டாம்?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 52 வயது. 1994இல் வேதியியலில் பி.எஸ்சி. முடித்தேன். 1996 முதல் 2023 வரை ஒரே பெயின்ட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. கடைசி ஆறு வருடம் ரசாயனக் கிடங்கின் பாதுகாப்பும் என் பொறுப்பில் இருந்தது. ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது தொழிலகப் பாதுகாப்பு மேலாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 2020க்குப் பிறகு ஆறு டிப்ளமோ படித்தேன்: ஊட்டச்சத்து, திட்ட மேலாண்மை, தொழிலகப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு, மனிதவள மேலாண்மை. கடைசியில் சொன்னதில் ஒரு பருவம்தான் முடித்தேன். ஆறையும் முதல் பக்கத்தில் மேலே போட்டு, "முதுநிலைப் பட்டத்துக்கு இணையான தகுதி" என்று எழுதியிருக்கிறேன். ஏழு மாதத்தில் இரண்டே அழைப்புகள். ஒரு நேர்காணலில் "ஏன் இத்தனை டிப்ளமோ?" என்று கேட்டார்கள், திணறிவிட்டேன். பட்டத்தையே எடுத்துவிடு என்கிறாள் மகள். 1994ஐ 2004 ஆக்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் ஒரு நண்பர். பட்டச் சான்றிதழில் திருமணத்துக்கு முந்தைய பெயர் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரும் மாறிவிட்டது. என்ன செய்வது? (பாதுகாப்பு டிப்ளமோவின் ப்ராஜெக்ட்டுக்காகத்தான் எங்கள் கிடங்கில் பெராக்சைடு ஹார்டனரையும் கோபால்ட் டிரையரையும் ஒரே அலமாரியில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்துப் பிரித்தேன். அது ரெஸ்யூமேயில் இல்லை.)

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிய அந்தக் கடைசி வரிதான். இணைத்திருந்த இரண்டு பக்க ரெஸ்யூமேயை மூன்று முறை படித்தேன், அதில் எங்கேயும் அந்த விஷயம் வரவே இல்லை. ஆர்கானிக் பெராக்சைடும் கோபால்ட் சேர்மமும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும் என்பது ரெசின் தொழிலில் இருக்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அப்படியிருந்தும் அவை இரண்டும் ஒரே அலமாரியில் இருந்திருக்கின்றன, நீங்கள் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள். பாதுகாப்பு மேலாளரைத் தேடுகிற ஒருவர் உங்களிடம் எதிர்பார்க்கிற விஷயமே அதுதான். அதை விட்டுவிட்டு ஊட்டச்சத்து டிப்ளமோவை முதல் பக்கத்தில் மேலே வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விகளுக்கு முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பட்டத்தை எடுக்காதீர்கள். ஆண்டை மாற்றவே மாற்றாதீர்கள். ஆறு டிப்ளமோக்களில் இந்த வேலைக்கு மூன்று போதும். "முதுநிலைக்கு இணை" என்ற வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். கல்விப் பகுதி முழுவதும் அனுபவத்துக்குக் கீழே போகட்டும். ஏன் என்பதை இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த விண்ணப்பத்தில் வேறு வேலை, வேறு நிபந்தனை என்று வரும்போது நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நான் ஆலோசனைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு ஆண்டுகள் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தேன். 25 வயதுப் பட்டதாரியின் ரெஸ்யூமே வந்தால் கல்வியைத்தான் முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவரிடம் காட்டுவதற்கு வேறொன்றும் இருக்காது. 27 வருட அனுபவம் உள்ளவருடையது வந்தால் கண் நேராக வேலை வரலாற்றுக்குத்தான் போகும். இவர் என்ன செய்தார், எதற்குப் பொறுப்பாக இருந்தார், கடைசியாக எங்கே இருந்தார் என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் கல்விக்கு வருவோம். அங்கேயும் இரண்டே விஷயங்களைத்தான் தேடுவோம். விளம்பரத்தில் கேட்ட குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா? இந்த வேலைக்கென்றே ஏதாவது படித்திருக்கிறாரா? உங்கள் ரெஸ்யூமேயில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் முதலாவது பதில் ஒன்பதாவது வரியிலும் இரண்டாவது பதில் வேறு ஐந்து டிப்ளமோக்களுக்கு நடுவிலும் இருக்கிறது.

பட்டம் ஏன் இருக்க வேண்டும்

உங்கள் மகள் அக்கறையில்தான் சொல்கிறாள், புரிகிறது. பழைய பட்டம் வயதைக் காட்டிக்கொடுக்கும் என்ற பயம் அவளுக்கு. ஆனால் பட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலாளர் நிலை வேலைகளுக்குப் பெரும்பாலும் "ஏதேனும் ஒரு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்" என்ற நிபந்தனை இருக்கும். ரெஸ்யூமேயில் டிப்ளமோக்கள் மட்டுமே இருந்தால், படிக்கிறவர் இவருக்குப் பட்டம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒருவேளை இருக்குமோ என்று போன் செய்து கேட்கமாட்டார். முதல் சல்லடையை மென்பொருள் செய்கிற இடங்களிலும் இதே கதைதான். "உங்கள் அதிகபட்சக் கல்வித் தகுதி என்ன?" என்று விண்ணப்பப் படிவமே கேட்கும், நீங்கள் பட்டம் என்று குறிப்பீர்கள், ரெஸ்யூமேயில் அது இருக்காது. அந்த முரண்பாட்டைப் பார்க்கிற ஆள் உங்களை நல்லவிதமாக நினைக்க வாய்ப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பட்டம் பழையதுதான், ஆனால் அது வேதியியல் பட்டம், நீங்கள் கேட்பதோ ரசாயனங்கள் புழங்கும் ஆலையில் பாதுகாப்பு வேலை. பாதுகாப்புப் படிப்பு மட்டும் முடித்த ஒருவர் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்த்து "இதை அதனுடன் வைக்கக் கூடாது" என்று சொல்வார். எதனால் வைக்கக் கூடாது என்று சொல்ல வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். மற்ற விண்ணப்பதாரர்களில் பலரிடம் இல்லாத ஒன்று அது. அதைப் போய் ஒளித்து வைக்கச் சொல்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பட்டத்துக்கு ஒரு வரி போதும். பள்ளி இறுதித் தேர்வு, கல்லூரியில் வாங்கிய சதவீதம், துணைப் பாடங்கள், 1993இல் விநாடி வினாவில் வாங்கிய பரிசு எல்லாம் போகட்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்ணை வைத்து இன்று யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. படிவத்தில் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

1994ஐப் போடலாமா, விடலாமா, மாற்றலாமா

மாற்றுவதை முதலில் முடித்துவிடுவோம். 2004 என்று எழுதுவது வயதை மறைக்கும் சின்னத் தந்திரம் இல்லை, அது பொய்த் தகவல். வேலை கொடுக்கும் முன் கல்விச் சரிபார்ப்பு நடத்தும் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்பதே பெயர், பாடம், முடித்த ஆண்டு ஆகியவற்றைத்தான். அங்கே 1994 என்று பதில் வரும். சரிபார்ப்பில் தப்பித்தாலும், வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களில் பலவற்றில், விண்ணப்பத்தில் கொடுத்த தகவல் தவறென்று எப்போது தெரிந்தாலும் பணிநீக்கம் செய்யலாம் என்ற விதி இருக்கும். மூன்று வருடம் கழித்துத் தெரிந்தாலும் அதே கதிதான். அதுவும் பாதுகாப்புத் துறையில், ஆய்வறிக்கையில் கையெழுத்திடுகிற நாற்காலியில் உட்காரப் போகிறவர் தன்னுடைய ஆண்டையே மாற்றி எழுதினார் என்றால் அப்புறம் அவர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? உங்கள் நண்பர் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. நீங்கள் 1996இல் ஆய்வகத்தில் சேர்ந்தீர்கள். 2004இல் பட்டம் வாங்கியதாக எழுதினால், பட்டம் இல்லாமலே எட்டு வருடம் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்ததாக உங்கள் ரெஸ்யூமேயே சொல்லும்.

ஆண்டை விட்டுவிடுவது வேறு விஷயம். அது பொய் இல்லை. அனுபவசாலிகள் பலர் பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் மட்டும் எழுதி ஆண்டை விட்டுவிடுவது வழக்கம்தான், யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதனால் பலன் இருக்கிறதா என்பது உங்கள் வேலை வரலாற்றைப் பொறுத்தது. ஒருவர் ஐந்து கம்பெனிகளில் வேலை பார்த்திருந்தால், கடைசிப் பதினைந்து வருடத்தை விரிவாக எழுதி, அதற்கு முந்தையதை "முந்தைய பணிகள்" என்று தேதி இல்லாமல் ஒரு வரியில் அடக்கிவிடலாம். அப்போது பட்டத்தின் ஆண்டையும் விட்டால் ரெஸ்யூமே முழுக்க ஒரே சீராக இருக்கும், வயதும் முதல் பார்வையில் தெரியாது. நீங்கள் 27 வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்திருக்கிறீர்கள். "1996 – 2023" என்ற வரியை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். அதை வைத்துக்கொண்டு 1994ஐ மட்டும் எடுத்தால் எதுவும் மறையாது. எல்லா டிப்ளமோவுக்கும் ஆண்டு இருக்கும், பட்டத்துக்கு மட்டும் இருக்காது, அந்த வெற்றிடம்தான் கண்ணில் படும். அதனால் உங்கள் விஷயத்தில் என் கருத்து, 1994 என்று தயங்காமல் எழுதுங்கள். 27 வருடம் ஓரிடத்தில் நிலைத்து நின்றவர் என்பதும் சேர்ந்து தெரியட்டும்.

வயதைக் காரணம் காட்டி ஒதுக்குவதைப் பல நாடுகளில் சட்டம் தடுக்கிறது. ஆனால் ரெஸ்யூமே கட்டத்தில் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் வயதுதான் என்று நிரூபிப்பது மிகவும் கடினம், அதை நம்பிக் காத்திருக்க முடியாது. உங்கள் ரெஸ்யூமேயில் வயதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது. அது சரிசெய்யக்கூடியதும்கூட.

டிப்ளமோக்களை மணிக்கணக்கில் அளந்து பாருங்கள்

டிப்ளமோ என்ற சொல்லுக்கு உலகம் முழுக்கப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. இரண்டு வருட முழுநேரப் படிப்புக்கும் டிப்ளமோ என்றுதான் பெயர், வார இறுதியில் வீடியோ பார்த்து முடிக்கிற ஆறு வாரப் படிப்புக்கும் அதே பெயரைத்தான் வைக்கிறார்கள். இதை ஆள் எடுப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். அதனால்தான் கால அளவு சொல்லாமல் ஆறு டிப்ளமோக்களை வரிசையாகப் போட்டால், எல்லாமே சின்னப் படிப்பு போலிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களிடம் உண்மையிலேயே ஒரு கனமான டிப்ளமோ இருக்கிறது, அதன் எடையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து குறைந்துவிடுகிறது.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்பு டிப்ளமோ ஓராண்டு, நாற்பது வாரம், வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேரம், ஆக 400 மணி நேரம். சுற்றுச்சூழல் மேலாண்மை எட்டு மாதம், வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 200. தரவுப் பகுப்பாய்வு ஆறு மாதம், வாரத்துக்கு ஐந்து மணி நேரம், சுமார் 130. ஊட்டச்சத்து மூன்று மாதம், 36 மணி நேரம். திட்ட மேலாண்மை ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு மணி நேரம், மொத்தம் 24. எல்லாம் சேர்த்தாலும் 800ஐத் தொடவில்லை.

இப்போது இதை ஒரு பொது அளவுகோலுடன் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டு என்பது 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. அதாவது ஒரு வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி நேரம். அங்கே முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் 90 முதல் 120 கிரெடிட் வரை போகும். நீங்கள் முடித்த ஐந்து டிப்ளமோக்களையும் கூட்டினால் அதில் ஓராண்டின் பாதி அளவுக்குத்தான் வருகிறது, திட்ட மேலாண்மைப் படிப்பு ஒரு கிரெடிட் அளவுகூட இல்லை. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இணை என்று நீங்களே அறிவித்துவிட்டால், படிக்கிறவர் மனதில் இந்தக் கணக்குத்தான் ஓடும். மேலும், ஒரு தகுதி இன்னொன்றுக்கு இணை என்று சொல்லும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கோ தகுதிகளை மதிப்பிடும் அமைப்புக்கோதான் உண்டு. அவர்கள் எழுத்தில் கொடுக்காத ஒன்றை நாம் எழுதக் கூடாது.

சரி, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஒவ்வொரு டிப்ளமோவிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இது இந்த விளம்பரத்தில் இருக்கிற எந்த வரிக்குப் பதில்? பாதுகாப்பு டிப்ளமோ நேரடியாகப் பதில். ரசாயன ஆலைகளில் பாதுகாப்பும் கழிவு மேலாண்மையும் பல இடங்களில் ஒரே ஆளின் பொறுப்பு என்பதால் சுற்றுச்சூழல் மேலாண்மையும் பதில்தான். தரவுப் பகுப்பாய்வு பக்கபலம். விபத்துப் பதிவுகளையும், மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவுகளையும் அலசி எந்த ஷிஃப்டில், எந்த வேலையில் அதிகம் நடக்கிறது என்று எடுத்துச் சொல்வது பாதுகாப்பு மேலாளரின் வேலையில் ஒரு பகுதி. அதனால் அதையும் வையுங்கள், ஆனால் கடைசியில்.

ஊட்டச்சத்து எந்த வரிக்கும் பதில் இல்லை. நீக்கிவிடுங்கள். நீங்கள் விரும்பிப் படித்தது, அது வீணாகப் போகவில்லை, இந்தக் காகிதத்தில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். திட்ட மேலாண்மையையும் எடுத்துவிடலாம். ஆலை விரிவாக்கத்தை நடத்தித்தர ஆள் வேண்டும் என்று ஏதாவது விளம்பரம் கேட்டால் அப்போது சேருங்கள். சேர்க்கும்போது சான்றிதழில் என்ன தலைப்பு அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதி, பக்கத்தில் "24 மணி நேரம், இணையவழி" என்று போடுங்கள்.

மனிதவளப் படிப்புதான் எனக்குக் கவலை தந்தது. "மனிதவள மேலாண்மை முதுநிலை டிப்ளமோ, 2024" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் படித்தாலும் 2024இல் முடித்துவிட்டீர்கள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். நீங்கள் ஏமாற்றும் எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், சேர்ந்த ஆண்டைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று யாராவது கேட்டால், எண்ணத்தை எப்படி விளக்குவீர்கள்? இப்போதும் படித்துக்கொண்டிருந்தால் "பயின்று வருகிறேன், இரண்டு பருவங்களில் ஒன்று நிறைவு" என்று எழுதி, முடிக்கப்போகும் மாதத்தைக் குறிப்பிடலாம். நிறுத்திவிட்டீர்கள் என்றால் எழுத வேண்டாம். பாதுகாப்பு வேலைக்கு அது அவசியமும் இல்லை. ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பங்களில் எங்கிருந்தாவது அழைப்பு வந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே "அதில் ஒரு பருவம்தான் முடித்திருக்கிறேன், திருத்திய ரெஸ்யூமேயை அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

மாற்றி எழுதினால் எப்படி இருக்கும்

கல்வியை இரண்டு தலைப்பாகப் பிரித்துவிடுங்கள். பட்டம் ஒரு தலைப்பில், டிப்ளமோக்கள் இன்னொன்றில். "அண்மையில் படித்தது மேலே" என்ற விதியைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் பட்டத்தை ஒன்பதாவது வரிக்குத் தள்ளிவிட்டீர்கள். அந்த விதி ஒரே தலைப்புக்குள் இருக்கிற ஒரே வகைத் தகுதிகளுக்கு மட்டும்தான். இரண்டாகப் பிரித்தால் பட்டம் முதல் வரியில் தனியாக நிற்கும், டிப்ளமோக்களும் தங்களுக்கான இடத்தில் நிற்கும்.

கல்வி
பி.எஸ்சி. (இளநிலை அறிவியல்), வேதியியல் – பல்கலைக்கழகத்தின் பெயர், 1994

தொழில்சார் தகுதிகள்
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார டிப்ளமோ – வழங்கிய நிறுவனம், 2022
ஓராண்டு, சுமார் 400 மணி நேரம், எழுத்துத் தேர்வும் கள ஆய்வும். ஆய்வு: பெயின்ட் ஆலைக் கிடங்கில் ஒன்றோடொன்று சேராத ரசாயனங்களைப் பிரித்து வைத்தல்
சுற்றுச்சூழல் மேலாண்மை டிப்ளமோ – வழங்கிய நிறுவனம், 2023 (எட்டு மாதம்)
தரவுப் பகுப்பாய்வு டிப்ளமோ – வழங்கிய நிறுவனம், 2024 (ஆறு மாதம், இணையவழி)

எல்லாம் சேர்த்துப் பத்து வரிக்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது தலைப்புக்குள் மட்டும் தேதி வரிசையை விட்டு, வேலைக்கு நெருக்கமானதை முதலில் வைத்திருக்கிறேன். ஆண்டு பக்கத்திலேயே இருப்பதால் இதில் யாரும் குழம்பமாட்டார்கள். பட்டத்தின் சுருக்கமும் விரிவும் இரண்டும் இருக்கட்டும், மென்பொருள் எந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்கும். இணையவழிப் படிப்பில் ஒரு பல்கலைக்கழகம் சான்றிதழ் கொடுத்து வேறொரு தளம் நடத்தியிருந்தால், சான்றிதழை வழங்கியது எந்த நிறுவனமோ அதன் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். நடத்திய தளத்தின் பெயர் அடுத்து வரலாம்.

உங்கள் ரெஸ்யூமேயில் டிப்ளமோக்களை இரண்டு பத்தி அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த நிறுவனத்தின் பேட்ஜ் படத்தை ஒட்டியிருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் மென்பொருளில் பலவற்றால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது, அட்டவணையில் ஒரு பத்தியின் ஆண்டை அடுத்த பத்தியின் படிப்போடு சேர்த்துவிடவும் செய்யும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரெஸ்யூமே முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு வெற்று எழுத்துக் கோப்பில் ஒட்டுங்கள். அங்கே வரிகள் ஒழுங்காக வந்தால் பயமில்லை. நான் உங்களுடையதை ஒட்டிப் பார்த்தபோது 2022 போய் ஊட்டச்சத்தோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்தக் கிடங்கு அலமாரி. அது கல்விப் பகுதியில் ஒரு வரியாக மட்டும் இருந்தால் போதாது. அனுபவப் பகுதியில், கடைசி ஆறு வருடப் பொறுப்பின் கீழ் முதல் வரியாக வர வேண்டும். எத்தனை பொருட்களைச் சரிபார்த்தீர்கள், எவற்றைப் பிரித்தீர்கள், பிரித்த பிறகு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். எண் சரியாக நினைவில்லை என்றால் எண்ணே வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள். 1994இல் படித்த வேதியியலும், 2022இல் முடித்த டிப்ளமோவும், நீங்கள் தினமும் நடந்த கிடங்கும் சந்திக்கிற ஒரே இடம் அதுதான்.

கல்விப் பகுதி எப்போதுமே அனுபவத்துக்குக் கீழேதானா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. "பாதுகாப்பு டிப்ளமோ கட்டாயம்" என்று விளம்பரமே சொல்லியிருந்தால், ரெஸ்யூமேயின் ஆரம்பத்தில் வரும் மூன்று வரி அறிமுகத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்: "வேதியியல் பட்டதாரி, தொழிலகப் பாதுகாப்பில் ஓராண்டு டிப்ளமோ, பெயின்ட் தொழிலில் 27 ஆண்டு அனுபவம்." அப்போதும் பகுதி முழுவதையும் மேலே தூக்கிவர வேண்டியதில்லை.

அந்த நேர்காணல் கேள்வி இனியும் வரலாம், மூன்றாகக் குறைத்தாலும் வரலாம். திணறத் தேவையில்லை. "கிடங்குப் பொறுப்பு என்னிடம் வந்தபோது எனக்கு ரசாயனம் தெரியும், விதிமுறைகள் தெரியாது, அதனால் பாதுகாப்புப் படித்தேன். படிக்கும்போதே கழிவு விஷயமும் அதனுடன் பின்னியிருப்பது தெரிந்தது, அதனால் சுற்றுச்சூழல் படித்தேன்" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஒரு படிப்பிலிருந்து அடுத்த படிப்புக்கு ஏன் போனீர்கள் என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். ஆறு இருந்தபோது இந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை, ஊட்டச்சத்தும் மனிதவளமும் நடுவில் வந்து குறுக்கே நின்றன.

பெயரும் சரிபார்ப்பும்

பல்கலைக்கழகத்தின் பெயர் மாறியிருந்தால், சான்றிதழில் இருக்கும் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் "தற்போது" என்று போட்டு இன்றைய பெயரையும் எழுதுங்கள். புதுப் பெயரை மட்டும் எழுதினால் சான்றிதழோடு பொருந்தாது, பழைய பெயரை மட்டும் எழுதினால் சரிபார்க்கிறவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் "உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதிவிடுவார். உங்கள் பெயருக்கு ரெஸ்யூமேயில் ஒன்றும் செய்ய வேண்டாம், இப்போது புழங்கும் பெயரே போதும். பல விண்ணப்பப் படிவங்களில் "முன்பு பயன்படுத்திய பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் உட்பட எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று காட்டும் அதிகாரபூர்வ ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1994க்குரிய பதிவுகள் பல இடங்களில் காகிதப் பேரேட்டில்தான் இருக்கும், கணினியில் ஏறியிருக்காது. மதிப்பெண் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட பிரதிக்கு விண்ணப்பித்தால் வாரக்கணக்கில் ஆகலாம். வேலை உறுதியான பிறகு கேட்டுக்கொண்டு அலைவதைவிட இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருக்கு இந்தப் பிரதி வரத் தாமதமாகி, சேர வேண்டிய தேதி இரண்டு முறை தள்ளிப்போனது.

வீட்டில் தனியாக ஒரு கோப்பு போடுங்கள். அதில் ஆறு படிப்புகளும் இருக்கட்டும், ஊட்டச்சத்து உட்பட. சேர்ந்த தேதி, முடித்த தேதி, மணி நேரம், சான்றிதழ் எண், அதில் அச்சாகியிருக்கும் சரியான தலைப்பு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து ரெஸ்யூமேயில் வைக்கலாம். லிங்க்ட்இன் பக்கம் வைத்திருந்தால் அங்கே இருக்கும் ஆண்டுகளும் இதே ஆண்டுகளாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், மனிதவளப் படிப்பை அங்கேயும் திருத்த மறக்காதீர்கள்.

ஆலை மூடப்பட்டுவிட்டதால் உங்கள் 27 வருடத்தை உறுதி செய்ய அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, பணிச் சான்று மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். கிடங்கு மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்த மேலதிகாரி இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, உங்களுக்காக இரண்டு வார்த்தை சொல்வாரா என்று கேளுங்கள். டிப்ளமோவுக்காக நீங்கள் சமர்ப்பித்த ஆய்வறிக்கையின் பிரதி கையில் இருந்தால் நேர்காணலுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் கம்பெனியின் பெயரும் உள் ஆவண எண்களும் இருக்கிற பக்கங்களை எடுத்துவிட்டு, அலமாரியின் முந்தைய அமைப்பையும் பிந்தைய அமைப்பையும் காட்டும் படம் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.